200 பேட்டிகளை எந்த அடுக்குக்கு எத்தனை கொடுப்பது? உகந்த பங்கீடு, ஒரு முழுக் கணக்கோடு

தொகுதியை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் சிலரை எடுப்பது அடுக்கு மாதிரியெடுப்பு. இதில் பலரும் அடுக்குகளைப் பிரிப்பதற்கு நிறைய யோசிப்பார்கள். பிரித்து முடித்ததும் "ஒவ்வொரு அடுக்கிலும் பத்து சதவீதம்" என்று போட்டுவிட்டுக் களத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பத்து சதவீதம் நியாயமானதாகத்தான் தோன்றும். ஆனால் சில பெரிய அலகுகளும் ஏராளமான சிறிய அலகுகளும் கலந்த தொகுதியில் அது கையில் இருக்கும் பேட்டிகளைப் பெருமளவு வீணாக்கிவிடும். எவ்வளவு வீண், அதை எப்படிச் சரிசெய்வது, சூத்திரம் எங்கே நம்மைக் கைவிடும் என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கடைசி வரை போட்டுப் பார்ப்போம்.

## நம் கணக்கு

ஒரு பட்டியலில் 2,020 தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்தில் பயன்படுத்தும் மின்சாரம் எவ்வளவு என்று மதிப்பிட வேண்டும். 200 கூடங்களை மட்டுமே நேரில் போய்ப் பார்க்க முடியும். வேலையாட்களின் எண்ணிக்கையை வைத்து நான்கு அடுக்குகளாகப் பிரித்திருக்கிறோம். மின்சாரம் மெகாவாட்-மணியில்:

| அடுக்கு | கூடங்கள் (N) | சராசரி | திட்டவிலக்கம் (S) |
|---|---|---|---|
| சிறியது | 1,500 | 6 | 4 |
| நடுத்தரம் | 400 | 50 | 25 |
| பெரியது | 100 | 280 | 100 |
| மிகப் பெரியது | 20 | 2,000 | 1,200 |

இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் வடிவம் கற்பனை அல்ல. நிறுவனங்கள், பண்ணைகள், மருத்துவமனைகள், கிடங்கு இருப்பு என எதை எடுத்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மொத்தம் 97,000. அதில் 40,000 அந்த 20 கூடங்களில் மட்டும் இருக்கிறது. பட்டியலில் நூற்றுக்கு ஒன்று, மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பத்தொன்று.

## முதலில் விகிதசமமாகப் பிரித்துப் பார்ப்போம்

ஒவ்வொரு அடுக்குக்கும் அதன் எண்ணிக்கைக்கு ஏற்றபடி கொடுத்தால் 148, 40, 10, 2 என்று வரும். மிகப் பெரிய 20 கூடங்களில் இரண்டே இரண்டைப் பார்த்துவிட்டு மொத்த மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் சொல்லப் போகிறோம். அதைப் படிக்கும்போதே உறுத்த வேண்டும்.

உறுத்தலை எண்ணாக மாற்ற, மொத்தத்தின் மதிப்பீட்டுக்கான பரவற்படியை, அதாவது திட்டப்பிழையின் வர்க்கத்தைப் பார்க்கலாம். h என்பது ஓர் அடுக்கு, n_h அந்த அடுக்குக்குக் கொடுக்கும் பேட்டிகள். ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்குச் சேர்ப்பது இவ்வளவு:

```
V_h = (N_h * S_h)^2 / n_h  -  N_h * S_h^2
```

முதல் பகுதி மாதிரி கூடக்கூடக் குறையும். இரண்டாம் பகுதி, தொகுதியே சிறியது என்பதால் கிடைக்கும் சலுகை. ஓர் அடுக்கில் எல்லோரையும் எடுத்துவிட்டால் இரண்டும் சமமாகி அந்த அடுக்கின் பிழை பூச்சியமாகிவிடும்.

நான்கு அடுக்குகளுக்கும் போட்டுக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் திட்டப்பிழை ஏறத்தாழ 16,450 வருகிறது. மொத்தத்தில் 17 சதவீதம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் 33 சதவீதம் விட வேண்டும். 200 இடங்களுக்கு அலைந்துவிட்டு "அறுபத்தைந்தாயிரமாக இருக்கலாம், ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரமாகவும் இருக்கலாம்" என்று சொல்லும் நிலை. பரவற்படியைப் பிரித்துப் பார்த்தால் அதில் 96 சதவீதம் அந்த ஒற்றை அடுக்கிலிருந்து, இரண்டு பேட்டி மட்டும் பெற்ற அடுக்கிலிருந்து வருவது தெரியும். சிறிய அடுக்கில் செலவழித்த 148 பேட்டிகள் குறைத்த பிழை, அந்தக் குவியலில் கண்ணுக்கே தெரியாது.

## N-ஐயும் S-ஐயும் பெருக்குவது ஏன்

சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட அது எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால், பின்னால் அது தடுமாறும்போது கைகொடுக்கும். இப்படி யோசியுங்கள். கையில் ஒரே ஒரு பேட்டி மிச்சம் இருக்கிறது. எந்த அடுக்குக்குக் கொடுப்பீர்கள்? எங்கே கொடுத்தால் மொத்தப் பரவற்படி அதிகம் குறையுமோ அங்கே. ஓர் அடுக்கில் n_h பேட்டி இருக்கும்போது இன்னொன்று சேர்த்தால் குறையும் அளவு இது:

```
(N_h * S_h)^2 / ( n_h * (n_h + 1) )
```

இப்படி ஒவ்வொரு பேட்டியையும் அதிகம் பயன்படும் இடத்துக்கே கொடுத்துக்கொண்டு போனால், ஒரு கட்டத்தில் எல்லா அடுக்கிலும் இந்த ஆதாயம் ஏறக்குறைய சமமாகிவிடும். அதாவது `N_h * S_h / n_h` எல்லா அடுக்கிலும் ஒன்றாகிவிடும். அதைத் திருப்பி எழுதினால் கிடைப்பதுதான் நெய்மன் பங்கீடு:

```
n_h = n * (N_h * S_h) / sum(N_h * S_h)
```

ஓர் அடுக்கு பெரியதாக இருந்தாலும் அதிகம் பெறும், உள்ளே சிதறல் கூடுதலாக இருந்தாலும் அதிகம் பெறும். எல்லோரும் ஒரே மாதிரி இருக்கும் அடுக்கில் சிலரைக் கேட்டாலே போதும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோறு முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் செல்லும். திட்டவிலக்கம் சொல்வது அந்தச் சீரைத்தான்.

ஜெர்சி நெய்மன் இதை 1934-இல் வெளியிட்ட கட்டுரையில் தந்தார். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அதே முடிவை ரஷ்யப் புள்ளியியலாளர் அலெக்சாந்தர் சுப்ரோவ் 1923-லேயே வெளியிட்டிருந்தார் என்பது பின்னால்தான் பரவலாகத் தெரியவந்தது. நெய்மனும் அந்த முன்னுரிமையை ஏற்றுக்கொண்டார்.

பேட்டிச் செலவு அடுக்குக்கு அடுக்கு மிகவும் வேறுபட்டால் N_h * S_h-ஐ ஒரு பேட்டிக்கான செலவின் வர்க்கமூலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலம் என்பதால் செலவு நான்கு மடங்கானாலும் பங்கு பாதியாகத்தான் குறையும். ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வித்தியாசத்துக்காக மெனக்கெட வேண்டாம்.

## சூத்திரம் கேட்பது 96, இருப்பதோ 20

சரி, நம் எண்களைப் போடுவோம். N × S மதிப்புகள் வரிசையாக 6,000, 10,000, 10,000, 24,000. கூட்டினால் 50,000. 200 பேட்டிகளை இந்த விகிதத்தில் பிரித்தால் 24, 40, 40, 96.

மிகப் பெரிய அடுக்கில் இருப்பதே 20 கூடங்கள். 96 எங்கிருந்து எடுப்பது?

சாய்வான தொகுதிகளில் இது விதிவிலக்கல்ல, வழக்கம். நெய்மன் சூத்திரத்துக்கு n_h ≤ N_h என்ற வரம்பு தெரியாது. இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு தவறுகள் நடக்கும். முதல் தவறு, உகந்த பங்கீட்டுக்கான சுருக்கச் சூத்திரத்தை அப்படியே பயன்படுத்துவது. அது `(sum N_h*S_h)^2 / n - sum N_h*S_h^2`. இங்கே அது 1,25,00,000-இலிருந்து 3,00,74,000-ஐக் கழிக்கச் சொல்கிறது. பரவற்படி எதிர்ம எண்ணாக வருகிறது! அப்படி வந்தால் ஏதோ ஓர் அடுக்கு தன் கொள்ளளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். எதிர்மமாக வந்தால் பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். சற்றே தாண்டியிருந்தால் நேர்ம எண்ணாகவே வந்து, உண்மையைவிடச் சிறிய பிழையைக் காட்டி ஏமாற்றிவிடும். அதனால் பரவற்படியைப் பார்க்கும் முன்னே ஒவ்வொரு n_h-ஐயும் அதன் N_h-ஓடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் சாதாரணமானது. 96-ஐ 20 ஆக வெட்டிவிட்டு மற்றவற்றை அப்படியே விடுவது. அப்போது 24 + 40 + 40 + 20 = 124 தான் வருகிறது. மிச்சம் 76 பேட்டிகள் யாருக்கும் இல்லாமல் போகின்றன.

சரியான வழி இது. மிகப் பெரிய 20 கூடங்களையும் முழுமையாக எடுத்துவிடுங்கள். அது இனி மாதிரி அல்ல, முழுக்கணக்கு. அந்த அடுக்கைக் கணக்கிலிருந்து விலக்கி, மிச்சமுள்ள 180 பேட்டிகளை மற்ற மூன்று அடுக்குகளுக்கு மீண்டும் அதே சூத்திரத்தால் பிரியுங்கள். 6,000, 10,000, 10,000, கூட்டினால் 26,000. கிடைப்பது 41.5, 69.2, 69.2. முழு எண்களாக்கினால் 42, 69, 69. இப்போது யாராவது கொள்ளளவைத் தாண்டுகிறார்களா என்று மறுபடி பாருங்கள். பெரிய அடுக்கில் 100-க்கு 69 தான், தாண்டவில்லை. தாண்டியிருந்தால் அதையும் முழுக்கணக்காக்கிவிட்டு இன்னொரு சுற்று. யாரும் தாண்டாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்துபவர்கள் உண்டு. முதல் சுற்றில் மிஞ்சிய பேட்டிகள் வந்து சேரும்போது அடுத்த பெரிய அடுக்கு நிரம்பி வழிவது இரண்டாம் சுற்றில்தான் தெரியும்.

இந்தச் சுற்றுகளையும் முழு எண்ணாக்கும் தொல்லையையும் ஒரேயடியாகத் தவிர்க்க, முன்னே சொன்ன "அடுத்த பேட்டி யாருக்கு" யோசனையையே நிரலாக எழுதிவிடலாம். எல்லா அடுக்குக்கும் இரண்டு கொடுத்துத் தொடங்கி, நிரம்பிய அடுக்கைத் தாண்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக வழங்குவது:

```python
from math import sqrt
N = [1500, 400, 100, 20]
S = [4, 25, 100, 1200]
n = 200
a = [2] * 4
while sum(a) < n:
    p = [N[h]*S[h]/sqrt(a[h]*(a[h]+1)) if a[h] < N[h] else 0
         for h in range(4)]
    a[p.index(max(p))] += 1
print(a)   # [42, 69, 69, 20]
```

குறைந்தது இரண்டு என்று தொடங்குவதற்குக் காரணம் உண்டு: ஒரே ஒரு பேட்டி உள்ள அடுக்கிலிருந்து சிதறலைக் கணிக்க முடியாது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் மாநிலங்களுக்கு இடங்களைப் பிரித்துக் கொடுக்க 1941 முதல் சட்டத்தில் இருக்கும் சமவிகித முறையும் கணித அளவில் இதேதான். அங்கே மக்கள்தொகை இருக்கும் இடத்தில் இங்கே N × S.

## என்ன லாபம் கிடைத்தது

நான்கு பங்கீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

| பங்கீடு | சிறியது, நடு, பெரியது, மிகப் பெரியது | திட்டப்பிழை | மொத்தத்தில் |
|---|---|---|---|
| விகிதசமம் | 148, 40, 10, 2 | 16,450 | 17.0% |
| முழுக்கணக்கு + விகிதசமம் | 135, 36, 9, 20 | 3,590 | 3.7% |
| வெட்டிவிட்டு மறந்தது | 24, 40, 40, 20 | 2,290 | 2.4% |
| முழுக்கணக்கு + நெய்மன் | 42, 69, 69, 20 | 1,575 | 1.6% |

அதே 200 பேட்டிகள்தான். பிழை பத்தில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் இந்த அட்டவணையை நேர்மையாகப் படிக்க வேண்டும். 17-இலிருந்து 3.7-க்கு இறங்கியது நெய்மனால் அல்ல. அந்த 20 கூடங்களை ஒன்றுவிடாமல் எடுத்ததால்தான். சூத்திரம் கொடுத்தது அடுத்த பாதி: 3.7-இலிருந்து 1.6-க்கு. அதனால் நேரம் குறைவாக இருந்தால் முதலில் செய்ய வேண்டியது உச்சியில் இருப்பவர்களைக் கண்டுபிடித்து முழுமையாக எடுப்பதுதான்.

மூன்றாம் வரியையும் கவனியுங்கள். 124 பேட்டிகளே உள்ள அந்தப் பங்கீடு, 200 பேட்டிகள் உள்ள இரண்டாம் வரியை வெல்கிறது. எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட எங்கே கேட்டோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்த ஒரு ஒப்பீடே காட்டிவிடுகிறது.

## S எங்கிருந்து வரும்

இதுவரை S நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே களத்துக்கே போகிறோம்! இங்கேதான் பலர் கைவிட்டுவிட்டு விகிதசமத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது தேவையில்லை. ஏனென்றால் உகந்த புள்ளியைச் சுற்றி வளைகோடு மிகத் தட்டையாக இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் நாம் எடுக்கும் எண்ணிக்கை சரியானதிலிருந்து, எடுத்ததில் 20 சதவீதத்துக்கு மேல் விலகாத வரை, பரவற்படி ஏறத்தாழ 4 சதவீதத்துக்கு மேல் கூடாது. விலகலின் வர்க்கம்தான் இழப்பு.

நம் கணக்கிலேயே சோதிக்கலாம். S பற்றி ஒன்றுமே தெரியாது, சராசரி மட்டும் உத்தேசமாகத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய அலகுகளில் சிதறலும் சராசரியோடு சேர்ந்தே வளரும் என்ற எளிய ஊகத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது N × S-க்குப் பதில் N × சராசரி, அதாவது அடுக்கின் மொத்தம். மூன்று அடுக்குகளின் மொத்தம் 9,000, 20,000, 28,000. 180 பேட்டிகள் 28, 63, 89 என்று பிரிகின்றன. சிறிய அடுக்குக்கு 42 வர வேண்டிய இடத்தில் 28 தான் வந்திருக்கிறது. பெரிய தவறுபோலத் தெரிகிறது. ஆனால் திட்டப்பிழை 1,650, அதாவது 1.7 சதவீதம். உகந்தது 1.6. அவ்வளவுதான் வித்தியாசம்.

S கிடைக்கும் வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது, இதே ஆய்வின் முந்தைய சுற்றுத் தரவு. அது இல்லையென்றால் பட்டியலில் உள்ள வேறோர் அளவு, நம் விஷயத்தில் வேலையாட்கள் எண்ணிக்கை. அதுவும் இல்லாதபோது அடுக்கின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் தெரிந்தால் போதும். மதிப்புகள் அந்த வீச்சில் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டால் S, வீச்சில் ஏறத்தாழ 0.29 பங்கு. நடுத்தர அடுக்கு 10 முதல் 100 வரை என்றால் 90 × 0.29, ஏறத்தாழ 26. நாம் வைத்திருக்கும் 25-க்கு அது போதுமான அளவு நெருக்கம்.

முன்னோட்ட ஆய்வை மட்டும் எச்சரிக்கையோடு பயன்படுத்துங்கள். ஓர் அடுக்கில் ஐந்து பேரைக் கேட்டுக் கணித்த S, இயல்நிலைப் பரவலிலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தவறலாம். சாய்வான பரவலில் இன்னும் மோசம். ஐந்து பேரும் தற்செயலாக ஒரே அளவில் அமைந்துவிட்டால் "இந்த அடுக்கில் சிதறலே இல்லை" என்று சொல்லி, சூத்திரம் அந்த அடுக்குக்கு ஏறக்குறைய ஒன்றுமே கொடுக்காது.

## தவறான அடுக்கில் ஒளிந்திருப்பவர்

சமமாக விலகும் தவறுகளைத் தட்டையான வளைகோடு பொறுத்துக்கொள்ளும். அது பொறுக்காத தவறு ஒன்று உண்டு: சிறிய அடுக்கின் S-ஐக் குறைத்து மதிப்பிடுவது.

அது ஏன் நடக்கிறது என்று பாருங்கள். அடுக்கைப் பிரித்ததே வேலையாட்கள் எண்ணிக்கையால். அதே அளவை வைத்து S-ஐக் கணித்தால், நாமே வெட்டிய எல்லைக்குள் எல்லோரும் அடங்கி நிற்பார்கள். S சிறியதாகத்தான் வரும். மின்சாரத்துக்கு அந்த எல்லை தெரியாது. எட்டு பேர் வேலை செய்யும் இடத்தில் ஓர் உலை ஓடிக்கொண்டிருக்கலாம். பட்டியல் மூன்று வருடம் பழையதாக இருந்து, இடையில் அந்தக் கூடம் பத்து மடங்கு வளர்ந்திருக்கலாம்.

சிறிய அடுக்கில் 1,500-க்கு 42 பேரை எடுக்கிறோம். ஒவ்வொருவரும் 35.7 கூடங்களைப் பிரதிநிதித்துவம் செய்கிறார்கள், அதுதான் அவர்களுடைய எடை. அவர்களில் ஒருவர் 900 மெகாவாட்-மணி என்று சொல்லிவிட்டால்? 35.7 × 900, ஏறத்தாழ 32,100. உண்மையான மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒற்றைப் படிவம் சேர்த்துவிடும். அந்த ஒருவர் மாதிரியில் வராவிட்டால் மதிப்பீடு சத்தமில்லாமல் குறைவாக இருக்கும். வந்துவிட்டால் தாறுமாறாக எகிறும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. களத் தரவு வந்ததும் எடையையும் மதிப்பையும் பெருக்கி, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். சிறிய அடுக்கின் படிவம் ஏதாவது உச்சியில் நின்றால் முதலில் எண் சரியா, அலகு மாறிவிட்டதா என்று பாருங்கள். கிலோவாட்-மணியை மெகாவாட்-மணியாக எழுதியிருப்பார்கள். எண் சரிதான் என்றால் பட்டியலில் அடுக்கு தவறு. ஆனாலும் அந்தப் படிவத்தைப் பெரிய அடுக்குக்கு நகர்த்தி அங்கேயுள்ள எடையான 1.45-ஐப் போட்டுவிடக் கூடாது. அது தேர்வானது சிறிய அடுக்கின் வாய்ப்போடு. எடை அதை ஒட்டியதுதான். சில ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களின் எடையைக் குறைத்து மதிப்பிடுவது உண்டு. அதனால் மதிப்பீடு கொஞ்சம் ஒரு பக்கமாக விலகும், அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு அறிக்கையில் எழுத வேண்டும்.

முன்கூட்டியே காப்பது இன்னும் நல்லது. சிறிய அடுக்கின் S-ஐக் கொஞ்சம் தாராளமாகக் கூட்டிப் போடுங்கள். S உண்மையில் 4 அல்ல, 10 என்று வைத்துக்கொண்டால் பங்கீடு 77, 52, 51 ஆக மாறும். உண்மையிலேயே அது 10 ஆக இருந்து நாம் 42-ஐயே எடுத்திருந்தால் பிழை 2.7 சதவீதம், 77 எடுத்திருந்தால் 2.4. இந்த வித்தியாசம் சிறியதுதான். ஆனால் எடை 35.7-இலிருந்து 19.5-க்கு இறங்கிவிடும், ஒற்றைப் படிவம் எல்லாவற்றையும் புரட்டிப்போடும் ஆபத்தும் பாதியாகும். அந்தக் காப்பீட்டுக்காக நான் எப்போதும் இந்தப் பக்கமே சாய்வேன்.

## எடையை மறந்தால்

பங்கீடு சமமில்லாமல் இருப்பதால் மாதிரி தொகுதியின் சிறிய பிரதி அல்ல. பெரியவர்கள் வேண்டுமென்றே அதிகமாக இருக்கிறார்கள். எடைகள் வரிசையாக 35.7, 5.8, 1.45, 1. இந்த எடைகளைப் போடாமல் 200 படிவங்களின் நேர்ச் சராசரியை எடுத்தால் ஏறத்தாழ 315 வரும். உண்மையான சராசரி 48. விரிதாளில் சராசரிச் சார்பை நேரடியாகப் போடும் ஒருவர் கையில் இந்தத் தரவு போனால் இப்படி ஆறரை மடங்கு தவறான எண்தான் வெளியே வரும். எனவே எடைக்கான நெடுவரிசை இல்லாமல் தரவுக் கோப்பை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

## ஒரே மாதிரியில் இரண்டு கேள்விகள்

கடைசியாக ஒரு சிக்கல். எல்லா ஆய்விலும் வரும் சிக்கல் இது. மின்சாரத்தின் மொத்தத்துக்காக வடிவமைத்த மாதிரியிலேயே "உங்கள் கூடத்தில் சூரிய மின்தகடு இருக்கிறதா" என்று ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்வார்கள். எத்தனை சதவீதக் கூடங்களில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

இந்தக் கேள்விக்கு எல்லாக் கூடமும் சமம்; பெரியது சிறியது இல்லை. ஆம், இல்லை என்ற விடையின் திட்டவிலக்கம் 0.5-ஐத் தாண்டாது, அடுக்குகளுக்கிடையே பெரிதாக மாறவும் மாறாது. S எல்லாம் சமம் என்றால் நெய்மன் சூத்திரமே விகிதசமத்தைத்தான் தரும். அதாவது இந்தக் கேள்விக்கு உகந்தது 148, 40, 10, 2. நாம் தேர்ந்தெடுத்ததற்கு நேர் எதிர். பாதிக் கூடங்களில் தகடு இருப்பதாகக் கொண்டால், விகிதசமத்தில் திட்டப்பிழை 3.4 சதவீதப் புள்ளி. நம் 42, 69, 69, 20-இல் 5.8. மின்சாரத்துக்காகப் பெற்றதை இங்கே இழக்கிறோம்.

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. கேட்பவரிடம் எது முக்கியம் என்று உட்கார்ந்து பேச வேண்டும். ஆனால் தட்டையான வளைகோடு இங்கேயும் உதவும். மிகப் பெரிய 20-ஐ முழுமையாக வைத்துக்கொண்டு, மிச்சம் 180-ஐ இரண்டு பங்கீடுகளுக்கும் நடுவில் வையுங்கள்: 88, 53, 39. மின்சாரத்தின் பிழை 1.6-இலிருந்து 2.0 சதவீதமாகக் கூடுகிறது. தகட்டுக் கேள்வியின் பிழை 5.8-இலிருந்து 4.1 புள்ளிக்கு இறங்குகிறது. சிறிய அடுக்கின் எடையும் 17-க்கு வந்துவிடுகிறது. ஒரே நோக்கம் இல்லாத ஆய்வுகளில் நான் பெரும்பாலும் இந்த நடுப் பங்கீட்டையே பரிந்துரைக்கிறேன்.

களத்துக்குப் போகும்போது அந்த 20 பேரின் பட்டியலைத் தனியாக எடுத்து, அனுபவமுள்ளவர்களிடம் கொடுங்கள். அங்கே ஒருவர் பதில் சொல்லாமல் விட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவரை எடுக்க முடியாது, ஏனென்றால் வேறு யாரும் இல்லை. சராசரியாக 2,000 மெகாவாட்-மணி ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. ஒருவர் விடுபட்டாலே நாம் பாடுபட்டு இறக்கிய திட்டப்பிழையைவிடப் பெரிய ஓட்டை. அவரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ளுங்கள், மின் கட்டண ரசீதைக் கேளுங்கள், அதுவும் முடியாவிட்டால் அவருடைய முந்தைய மாத அளவை வைத்து நிரப்புங்கள். தரவு முழுவதும் வந்தபின் நான்கு அடுக்குகளிலும் S-ஐப் புதிதாகக் கணித்து, திட்டமிட்ட 4, 25, 100, 1,200-க்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த சுற்றின் பங்கீட்டை அந்தப் புதிய எண்களிலிருந்து தொடங்கலாம்.